ஒற்றைப் பக்கம் ஒரு கோப்பு, இரட்டைப் பக்கம் ஒரு கோப்பு: சேர்த்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் குழம்புகிறது

செல்வி_அம்பை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதி, டைப் அடிக்க வைத்து, கட்டி வைத்திருந்தார். அச்சுக்குப் போகவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அலமாரியோடு நனைந்துவிட்டது. தையலைப் பிரித்துத் தாள் தாளாக ஃபேன் காற்றில் காய வைத்தோம். தாள்கள் நெளிநெளியாக இருக்கின்றன, ஆனால் எழுத்து தெரிகிறது.

ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். அங்கே இருந்த மிஷின் ஒரு பக்கம்தான் ஸ்கேன் செய்யும். முதலில் எல்லாத் தாளின் முன்பக்கமும் ஒரு பிடிஎஃப், பிறகு கட்டை அப்படியே திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எல்லாம் இன்னொரு பிடிஎஃப் என்று கொடுத்தார்கள். அவர்களே PDFsam Basic-இல் ஒன்று மாற்றி ஒன்றாகச் சேர்த்தும் கொடுத்துவிட்டார்கள்.

அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து உறவினர்களுக்கு அனுப்ப நினைத்தேன். பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்க எண் கொடுத்துப் பிரித்தால் எட்டு அத்தியாயமும் சரியான பக்கத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் ஐந்தாவதான பழவூரை வாசித்தால் பாதியில் பொருள் ஒட்டவில்லை. ஆறு, ஏழு, எட்டிலும் அப்படியே. முதல் நான்கும் தெளிவாக இருக்கின்றன. என்ன செய்வது?

தச்சநல்லூர்_தங்கம்

அக்கா, இதற்கு சாஃப்ட்வேரே வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து பிரிண்ட் கொடுங்கள், பிரிண்டர் இடத்தில் Microsoft Print to PDF தேர்ந்தெடுங்கள், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று எண் கொடுத்தால் தனிக் கோப்பாகிவிடும். பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

குழப்பம் டைப் அடித்தவரிடமே இருந்திருக்கலாம். பழைய தட்டச்சுப் படிகளில் பக்கம் மாறிக் கட்டியிருப்பார்கள்.

முக்கூடல்_மணி

இதே பிரச்சினைதான் எனக்கும். வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் மூன்றையும் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்துக் கடனுக்குக் கொடுத்தேன். சான்றில் டிஜிட்டல் கையொப்பம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தனியாகத் திறந்தால் இருக்கிறது, சேர்த்த கோப்பில் காணோம்.

அச்சகத்து_ஆறுமுகம்

மணி அண்ணாச்சி, உங்களுடையது வேறு கதை. கையொப்பம் என்பது அந்தக் கோப்பு முழுவதற்கும் போட்ட முத்திரை. ஒரு பக்கம் சேர்த்தாலும் எடுத்தாலும் அது வேறு கோப்பு, முத்திரை செல்லாது. எந்த மென்பொருளாலும் அதைக் காப்பாற்ற முடியாது. இறக்கிய சான்றைத் தொடாமல் தனிக் கோப்பாகவே அனுப்புங்கள், மற்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்வி அக்கா, மூன்று விஷயம் சொல்லுங்கள். முன்பக்கக் கோப்பில் எத்தனை பக்கம்? பின்பக்கக் கோப்பில் எத்தனை? தாளில் பக்க எண் இருக்கிறதா, எங்கிருந்து தொடங்குகிறது? சேர்த்த கோப்பின் கடைசி இரண்டு பக்கத்தையும் பார்த்து, அவற்றில் என்ன எண் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

செல்வி_அம்பை

முன்பக்கம் 118, பின்பக்கம் 117. அட, இதைக் கவனிக்கவே இல்லையே!

அப்பா தலைப்புத் தாளையே ஒன்று என்று வைத்து 236 வரை எண் போட்டிருக்கிறார். சேர்த்த கோப்பில் 235 பக்கம். கடைசிக்கு முந்தியதில் 236 இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் 235.

அச்சகத்து_ஆறுமுகம்

அப்படியானால் டைப் அடித்தவரையும் கட்டியவரையும் விட்டுவிடலாம். பின்பக்கக் கட்டில் ஒரே ஒரு பக்கம் விழவில்லை. மிஷின் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்திருக்கும், நெளிந்த தாளுக்கு அது வழக்கம்.

அதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். மென்பொருளுக்குப் பக்க எண் எல்லாம் தெரியாது. முன்கட்டிலிருந்து ஒன்று, பின்கட்டிலிருந்து ஒன்று என்று எடுத்து அடுக்கும், அவ்வளவுதான். விடுபட்ட இடம் வரை சரியாக வரும். அங்கே அந்தப் பின்பக்கம் இல்லாததால் அடுத்த தாளின் பின்பக்கத்தை எடுத்து ஒட்டிவிடும். அதிலிருந்து முடிவு வரை ஒவ்வொரு முன்பக்கத்துக்கும் அடுத்த தாளின் முதுகு. கடைசித் தாளுக்கு முதுகே மிஞ்சாது. அதனால்தான் உங்களுக்கு 236 முன்னால் வந்து 235 கடைசியில் தனியாக நிற்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தில் எங்கோதான் விடுபட்டிருக்கிறது. எந்த எண் என்று கண்டுபிடித்தால் அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். முழுக்கட்டையும் திரும்ப மிஷினில் விடாதீர்கள், நனைந்த தாள் இன்னொரு முறை தாங்காது.

தச்சநல்லூர்_தங்கம்

அண்ணாச்சி சொல்வது பொருந்தவில்லையே. அக்கா எனக்கு அந்தக் கோப்பை அனுப்பியிருந்தார்கள், இப்போதுதான் ஐம்பது ஐம்பதாகத் தாவிப் பார்த்தேன். கோப்பின் 51-ஆம் இடத்தில் 51, 101-இல் 101, 151-இல் 151, 201-இல் 201. எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் அதற்குப் பின்னால் எல்லாமே ஒன்று தள்ளித்தானே வர வேண்டும்?

அச்சகத்து_ஆறுமுகம்

தம்பி, நீங்கள் பார்த்த நான்கும் ஒற்றை எண். முன்கட்டு முழுசாக இருக்கிறது, அதிலிருந்து வரும் பக்கங்கள் என்றைக்கும் தம் இடத்தில்தான் இருக்கும். இரட்டைப் படை இடங்களை மட்டும் பாருங்கள். 150, 200 பார்த்தால் தெரிந்துவிடும்.

அக்கா ஏமாந்ததும் இதில்தான். அவர்கள் அப்பா ஒவ்வொரு அத்தியாயத்தையும் வலக்கைப் பக்கத்தில் தொடங்கியிருப்பார், பழைய ஆட்களின் வழக்கம். அத்தியாயத் தொடக்கம் எல்லாம் ஒற்றை எண்ணாக இருந்திருக்கும். திறந்ததும் சரியாகத் தெரியும், குழப்பம் புரட்டின பிறகுதான்.

தேடுவதற்கு வரிசையாகப் புரட்ட வேண்டாம். நடுவில் ஒரு இரட்டை இடத்தைத் திறங்கள். சரியாக இருந்தால் தவறு அதற்குப் பின்னால், இல்லையென்றால் முன்னால். மிச்சத்தை மறுபடி பாதியாக்குங்கள்.

தச்சநல்லூர்_தங்கம்

150-இல் 152 இருக்கிறது. 200-இல் 202. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

செல்வி_அம்பை

மகனை உட்கார வைத்துப் பார்த்துவிட்டோம். 118 சரி. 176-ஐத் திறந்தால் 178. 146-இல் 148. 132 சரி. 140 சரி. 142-ஐத் திறந்தால் 144! ஆறே முறை. விடுபட்டது 142, அதாவது 141-இன் பின்பக்கம்.

ஜெராக்ஸ்_பாளை

கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மிஷின் இரண்டு தாளை இழுத்தது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்கேனரில் வெற்றுப் பக்கத்தைத் தவிர்க்கும் அமைப்பு ஒன்று உண்டு. யாராவது முன்னால் வந்த வாடிக்கையாளருக்காகப் போட்டு வைத்திருப்பார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள். பக்கத்தில் மை குறைவாக இருந்தால் வெற்று என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடும். சத்தமும் வராது, செய்தியும் வராது. அந்த 142-இல் எதுவும் எழுதியிருக்கிறதா?

அச்சகத்து_ஆறுமுகம்

வெற்றுப் பக்கத்தைத் தள்ளியிருந்தால் அத்தியாய முடிவுகளிலும் தள்ளியிருக்குமே. அங்கெல்லாம் பின்பக்கம் காலியாக இருப்பது வழக்கம். ஒன்றுதானே குறைகிறது?

செல்வி_அம்பை

அப்பா காலிப் பக்கம் விட மாட்டார் அண்ணாச்சி. அத்தியாயம் முடிந்து மிச்சமான இடத்தில் எல்லாம் பேனாவால் ஆயக்கட்டு ஏக்கர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

பரணிலிருந்து கட்டை இறக்கி 141-ஐ எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் டைப் இல்லை. பாளையங்கால் தலைமடை, பென்சிலில் வரைந்தது. ஷட்டர், திருகு, தண்ணீர் அளக்கும் கல் எல்லாம் மெல்லிய கோடாக. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. ஓரத்தில் 142 என்பதும் பென்சிலில்தான். எனக்கு இந்தப் படம் இருப்பதே தெரியாது.

ஜெராக்ஸ்_பாளை

அப்படியென்றால் வெற்றுப் பக்கக் கதைதான். அதை மிஷினில் விடாமல் கண்ணாடியில் வைத்து, கறுப்பு வெள்ளையில் இல்லாமல் கிரே ஸ்கேலில், 300 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையில் பென்சில் கோடு சுத்தமாகப் போய்விடும். அந்தத் தவிர்க்கும் அமைப்பை அணைத்துவிட்டார்களா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் திரும்பவும் தூக்கிவிடும்.

செல்வி_அம்பை

எடுத்தாயிற்று. `p142.pdf` என்று வைத்திருக்கிறோம். அதை எங்கே சொருகுவது? சேர்த்த கோப்பிலா?

அச்சகத்து_ஆறுமுகம்

சேர்த்த கோப்பைத் தொடவே வேண்டாம், அழித்துவிடுங்கள். அதில் சொருகினால் 142 மட்டும் சரியாகும், அடுத்து 144, 143, 146, 145 என்று குழம்பினது குழம்பினபடியே இருக்கும். பின்கட்டைச் சரிசெய்து, பிறகு புதிதாகப் பின்னுவதுதான் வழி.

பின்கட்டைத் திருப்பிப் போட்டு எடுத்திருப்பதால் அதில் முதல் பக்கம் 236, அடுத்தது 234 என்று இறங்கி வரும். 236 முதல் 144 வரை மொத்தம் 47 பக்கம். 48-ஆவது 140. ஆக 47-க்கும் 48-க்கும் நடுவில் 142 போக வேண்டும். மகனுக்குக் கட்டளை அடிக்க வரும் என்றால் qpdf நிறுவச் சொல்லுங்கள், இலவசம்தான், விண்டோஸிலும் ஓடும். முன்கட்டு `odd.pdf`, பின்கட்டு `even.pdf` என்று பெயர் வைத்துக்கொண்டால்:

```
qpdf --empty --pages even.pdf 1-47 p142.pdf even.pdf 48-z -- even2.pdf
qpdf --empty --collate --pages odd.pdf 1-z even2.pdf z-1 -- all.pdf
```

`z` என்றால் கடைசிப் பக்கம். `z-1` என்றால் கடைசியிலிருந்து முதலுக்கு. இரண்டாவது வரியில் அதை விட்டுவிட்டால் முதல் பக்கத்துக்கு முதுகாக 236 வந்து உட்காரும். `--collate` இல்லாவிட்டால் ஒற்றை எல்லாம் முதலில், இரட்டை எல்லாம் பின்னால் என்று இரண்டு கட்டாக நிற்கும்.

கட்டளை வேண்டாம் என்றால் கடையில் செய்த அதே PDFsam Basic போதும். அதில் முதலில் Merge பகுதியில் பின்கட்டின் 1-47, பிறகு `p142.pdf`, பிறகு பின்கட்டின் 48-117 என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து Alternate Mix என்ற பகுதியில் முன்கட்டை முதலாகவும் இந்தப் புதுப் பின்கட்டை இரண்டாவதாகவும் வைத்து, இரண்டாவது கோப்புக்கு மட்டும் Reverse டிக் போட வேண்டும்.

ஒன்று மட்டும். இப்போது 118-க்கு 118 சரியாக வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். முன்கட்டில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என்று இரண்டு கட்டிலும் விடுபட்டிருந்தாலும் எண்ணிக்கை சமமாகத்தான் காட்டும். கடைசிப் பக்கமும் சரியாக இருக்கும். இரண்டு ஓட்டைக்கும் நடுவில் இருப்பது மட்டும் குழம்பியிருக்கும். உங்களுக்கு மொத்தம் 236 என்று தாளிலேயே எண் இருப்பதால் தப்பித்தீர்கள். எண் போடாத கட்டாக இருந்தால் சிறு படங்களாக விரித்து ஒரு முறை கண்ணால் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

செல்வி_அம்பை

236 பக்கம், கடைசியில் 236, "முற்றும்" என்று அப்பா கையெழுத்தோடு. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

இன்னும் ஒரு சிக்கல். 168-க்கும் 169-க்கும் நடுவில் சுத்தமல்லி அணைக்கட்டின் வரைபடம், மடித்து ஒட்டியிருந்தது, எண் கிடையாது. பெரிய தாள் என்பதால் மிஷினில் போகவில்லை. மொபைலில் படம் எடுத்து, அதிலேயே பிடிஎஃப் ஆக்கினான் மகன். சேர்த்துப் பார்த்தால் வரைபடம் பூதாகாரமாக இருக்கிறது, மற்ற பக்கங்கள் எல்லாம் தபால் தலை மாதிரி ஆகிவிட்டன.

அச்சகத்து_ஆறுமுகம்

மொபைல் படத்தில் நீளவாட்டில் 4000 புள்ளி இருக்கும். அதன் அளவு என்ன என்று யாரும் சொல்லாததால் செயலி அங்குலத்துக்கு 72 அல்லது 96 புள்ளி என்று வைத்துக்கொண்டு பிடிஎஃப் ஆக்கிவிடுகிறது. கணக்குப் போட்டால் மூன்றரை அடியிலிருந்து நாலரை அடி வரை அகலமான பக்கம். படத்தில் கோளாறில்லை, பக்க அளவில்தான்.

இதற்குத்தான் தங்கம் தம்பி சொன்ன வழி சரி. அந்தப் படத்தைத் திறந்து Microsoft Print to PDF கொடுத்து, A4, படுக்கை வாட்டம் என்று தேர்ந்தெடுங்கள். மற்ற பக்கங்களோடு ஒத்துப்போகும். ஸ்கேன் செய்த 236 பக்கத்துக்கும் அந்த வழி வேண்டாம். அது ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாக அச்சடிப்பது போல்தான். படம் மறுபடி சுருக்கப்படலாம், ஓரம் மாறலாம். qpdf பக்கத்தை உள்ளபடியே தூக்கி வைக்கும்.

```
qpdf --empty --pages all.pdf 1-168 map.pdf all.pdf 169-z -- book.pdf
```

தச்சநல்லூர்_தங்கம்

வரைபடத்தை நடுவில் ஏன் சொருக வேண்டும், கடைசியில் பின்னிணைப்பாக வைத்தால் என்ன? இப்போதுதான் தாள் எண்ணும் கோப்பு எண்ணும் ஒன்றாக வந்திருக்கின்றன. நடுவில் போட்டால் மறுபடி மாறும்.

செல்வி_அம்பை

168-இல் "எதிர்ப்பக்கப் படம் காண்க" என்று எழுதியிருக்கிறார் தம்பி. அங்கேயே இருக்கட்டும்.

அச்சகத்து_ஆறுமுகம்

தங்கம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே வைத்தால் 169 முதல் கோப்பு எண் தாள் எண்ணைவிட ஒன்று கூடும், அதை மறக்காமல் இருந்தால் போதும். அக்கா, பொருளடக்கத்து எண்களைப் போடுங்கள்.

செல்வி_அம்பை

முன்பகுதி 1 முதல் 12. கோடைமேலழகியான் 13, நதியுண்ணி 35, கன்னடியன் 57, அரியநாயகிபுரம் 93, பழவூர் 125, சுத்தமல்லி 151, மருதூர் 179, ஸ்ரீவைகுண்டம் 211.

அச்சகத்து_ஆறுமுகம்

பழவூர் வரை தாள் எண்ணையே கொடுக்கலாம். சுத்தமல்லி தாளில் 151 முதல் 178, வரைபடத்தையும் சேர்த்துக் கோப்பில் 151 முதல் 179. மருதூர் கோப்பில் 180 முதல் 211. ஸ்ரீவைகுண்டம் 212 முதல் 237. மாறுகிற இடத்தை மட்டும் எழுதுகிறேன், மற்றவை இதே மாதிரி:

```
qpdf --empty --pages book.pdf 125-150 -- 05-pazhavur.pdf
qpdf --empty --pages book.pdf 151-179 -- 06-suthamalli.pdf
qpdf --empty --pages book.pdf 180-211 -- 07-marudur.pdf
qpdf --empty --pages book.pdf 212-z -- 08-srivaikuntam.pdf
```

பிரித்த பிறகு ஒவ்வொன்றிலும் எத்தனை பக்கம் என்று `qpdf --show-npages` போட்டுப் பார்த்துக் கூட்டுங்கள். முன்பகுதியோடு 12, 22, 22, 36, 32, 26, 29, 32, 26. கூட்டினால் 237 வர வேண்டும். குறைந்தால் எங்கோ ஒரு பக்கம் இரண்டு அத்தியாயத்துக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

வீரவநல்லூர்_விசாலம்

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் இருக்கும் பழைய புத்தகத்தில் ஒரு அத்தியாயம் பக்கத்தின் நடுவில் முடிந்து, அதே பக்கத்தில் அடுத்தது தொடங்குகிறது. அதை எப்படிப் பிரிப்பது?

அச்சகத்து_ஆறுமுகம்

பக்கத்தைப் பாதியாக வெட்ட வேண்டாம் அம்மா. அந்தப் பக்கத்தை இரண்டு கோப்பிலும் வையுங்கள், முதல் கோப்பின் கடைசியாகவும் அடுத்ததன் முதலாகவும். அப்படி வைத்தால் மேலே சொன்ன கூட்டல் கணக்கில் அத்தனை பக்கம் கூடுதலாக வரும், அதைக் கழித்துப் பாருங்கள்.

செல்வி_அம்பை

237 சரியாக வந்தது. ஆனால் சென்னையில் இருக்கும் தம்பிக்கு எட்டுக் கோப்பையும் அனுப்பினால், அவன் பெயரை எல்லாம் தமிழில் அழகாக மாற்றி, எண்ணை எடுத்துவிட்டு, திரும்ப ஒன்றாகச் சேர்த்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான். அகர வரிசையில்! அரியநாயகிபுரம் முதல் அத்தியாயம். பாபநாசத்திலிருந்து இறங்கி வருகிற ஆறு நடுவில் தொடங்கி, மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி மேலே போகிறது. சித்தப்பா போன் செய்து, "என்னம்மா, உங்கப்பா கோடைமேலழகியானை மூணாவதாகவா எழுதினாரு?" என்று கேட்கிறார்.

ஜெராக்ஸ்_பாளை

கோப்பின் பெயர் தமிழில் இருக்கட்டும், முன்னால் 01, 02 மட்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். வெறும் 1, 2 போதாது. பத்துக்கு மேல் போனால் சில மென்பொருளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். கடையில் தினமும் பார்க்கிறேன்.

தச்சநல்லூர்_தங்கம்

பேசாமல் தம்பிக்கு `book.pdf`-ஐயே அனுப்பியிருக்கலாம் அக்கா.

செல்வி_அம்பை

அது 140 எம்பி, குழுவில் போடத் தயங்கினேன். இப்போது அதைத்தான் பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன். அந்த பென்சில் படத்தை இன்னும் கொஞ்சம் கருமையாக்க வழி இருக்கிறதா என்று நாளைக்குத் தனி இழையில் கேட்கிறேன்.